கீரை பற்றி மூன்று வரிகள்

ஆகஸ்ட், முதல் செவ்வாய். செம்பூரில் ஒரு மருத்துவமனை, இருதயப் புறநோயாளிப் பிரிவு. தாராவியிலிருந்து வரும் ஒரு பெண்மணி, வயது நாற்பத்திரண்டு, இருதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர். வால்வில் இரத்தம் கட்டாமலிருக்க அன்றாடம் வார்ஃபரின் என்ற மாத்திரை. இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் பரிசோதனையில் இருக்கவேண்டிய அளவு 2.5 முதல் 3.5 வரை. இருந்தது 1.6. “கீரை சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்கப்பட்டது. “இல்லை” என்றார். மாத்திரை கூட்டப்பட்டது.

ஆகஸ்ட், மூன்றாம் செவ்வாய். அளவு 1.8. அதே கேள்வி, அதே பதில். மாத்திரை மீண்டும் கூட்டப்பட்டது.

செப்டம்பர், முதல் செவ்வாய். அளவு 1.9. மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்த நேரத்தில், புதிதாக எழுதப்பட்டுவந்த தகவல் தாளை வாசித்துப் பார்க்க அவர் இசைந்தார். கணவரும் உடனிருந்தார்.

நடந்தது இவ்வளவே. இதை எழுத அந்தத் தம்பதி அனுமதி தந்திருக்கிறார்கள். பெயரைப் போடக்கூடாது என்பதும் சூப்பைப் பற்றி மோசமாக எழுதக்கூடாது என்பதும் அவர்கள் விதித்த நிபந்தனைகள். முன்னதைக் காப்பாற்றிவிடுவேன்.

அந்தத் தாளுக்கும் எனக்கும் உண்டான சம்பந்தத்தைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கல்லூரியொன்றில் மருந்தியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என் மனைவிக்கும் அதே போன்றதொரு வால்வு இருந்தது. அதே மாத்திரை, அதே செவ்வாய்க்கிழமைகள். மாட்டுங்காவிலிருந்து புறப்பட்டு, கிங்ஸ் சர்க்கிளில் ரயிலேறி, வடாலாவில் மாறி, செம்பூரில் இறங்கிப் பல ஆண்டுகள் இருவராகப் போய்வந்த வழி. சென்ற மார்கழியில் அவள் நுரையீரல் தொற்றில் காலமானாள். வால்வு கடைசிவரை சரியாகவே இயங்கியது.

காத்திருக்கும் கூடத்தில் அவளுக்கு இருந்த பொழுதுபோக்கு மருத்துவமனையின் தகவல் தாளை உரக்க வாசிப்பது. ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் செய்துகொடுத்த தமிழ் அது. “தாங்கள் உட்கொள்ளும் இவ்வுறைவெதிர்ப்பு மருந்தானது தங்கள் இரத்தத்தை நீர்க்கச் செய்யும்” என்று தொடங்கும். “ஏன்னா, இதை எழுதினவன் ஒரு நாளாவது ஒரு மாத்திரையை முழுங்கியிருப்பானோ?” என்பாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் சிரிப்பார்கள். மருந்தகத்தின் கண்ணாடிச் சன்னலுக்குள்ளிருந்து மருந்தாளுநரும் சிரிப்பார். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண் அவர், முப்பதைத் தாண்டியவர், விறுவிறுப்பானவர்.

ஜூன் மாதத்தில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது.

“சார், அந்தத் தாளைத் திருப்பி எழுதணும்னு கமிட்டில சொல்லிட்டாங்க. அஞ்சாவது படிச்சவங்களுக்குப் புரியணுமாம். மருந்து விஷயம் ஒண்ணும் தப்பாகக் கூடாதாம். நீங்க வந்தா நல்லாருக்கும்.”

“எனக்கு எளிதாக எழுத வராது” என்றேன்.

“தெரியும் சார். தப்பில்லாம எழுத வரும்ல? எளிசாக்குறதுக்கு நான் இருக்கேன்.”

மறுக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளும் காலியாகவே இருந்தன.

முதல் வரைவை இரண்டு நாளில் முடித்து எடுத்துச் சென்றேன். பெருமையாகவும் இருந்தது. மருந்தாளுநர் முதல் வரியை வாசித்தார். “‘இம்மருந்தினை நாள்தோறும் குறித்த வேளையில் தவறாது உட்கொள்ளுதல் இன்றியமையாததாகும்.’ சார், இது மாத்திரையா, பட்டாபிஷேகமா?”

“இதில் என்ன புரியவில்லை?”

“எனக்குப் புரியுது. எங்க அப்பாவுக்கும் புரியும். ஆனா சன்னலுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்க பாதிப் பேர் தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாங்க. அவங்க பிள்ளைங்க அதுவும் கிடையாது, ஹிந்திதான்.” பேனாவை எடுத்தார். “‘தினமும் ராத்திரி ஒரே நேரத்தில் மாத்திரை போடுங்கள்.’ முடிஞ்சுது.”

முடியவில்லை. எல்லோருக்கும் இரவு என்று மருத்துவர் சொல்வதில்லையே என்றேன். அவர் யோசித்து, ‘ராத்திரி’யை அடித்துவிட்டு, ‘உங்கள் நேரம்’ என்று எழுதி ஒரு கட்டம் போட்டார். நேரத்தைக் கையால் எழுதித் தருவார்கள். இப்படித்தான் எங்கள் வேலை நடந்தது. அவர் ஒரு சொல்லை எடுப்பார். அதனுடன் ஓர் உண்மையும் போய்விட்டதா என்று நான் பார்ப்பேன். போயிருந்தால் வேறு சொல்லைக்கொண்டு அதை உள்ளே கொண்டுவர வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி. ‘செய்யப்பட வேண்டும்’ கிடையாது, ‘செய்யுங்கள்’தான்.

மாத்திரை போட மறந்தால் என்ன செய்வது என்ற பகுதிக்கு ஒரு வாரம் பிடித்தது. ‘மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள்’ என்பது எவ்வளவு அழகான, எளிய வாக்கியம். அதைப் படித்துவிட்டு மறுநாள் காலையில் நினைவு வந்தவர் நேற்றையதைப் போடுவார். அன்றிரவு அன்றையதையும் போடுவார். ஆகவே அது மூன்றாக உடைந்தது. ‘அதே நாளில் நினைவு வந்தால், உடனே போடுங்கள். மறுநாள் நினைவு வந்தால், விட்டதை விட்டுவிடுங்கள். ஒருபோதும் இரண்டு நாள் மாத்திரையைச் சேர்த்துப் போடாதீர்கள்.’ நீளம் கூடியது. படிக்கும் சிரமம் குறைந்தது. என் வாழ்நாளில் நான் எழுதிய எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இந்த விந்தை நேர்ந்ததில்லை.

இரத்தக் கசிவின் அடையாளங்கள் அடுத்து வந்தன. பழைய தாளில் ‘கருநிற மலம்’ என்றிருந்தது. மருந்தாளுநர் ‘தார் மாதிரிக் கறுப்பாக, பிசுபிசுப்பாக மலம் போவது’ என்று எழுதினார். இருவரும் பிற்பகல் முழுவதும் மலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கணக்குப் பிரிவுக்காரர் டப்பாவை மூடிக்கொண்டு வேறு இடம் தேடிப் போனார்.

சிக்கல் கீரையில் வந்தது.

கீரையில் மிகுந்திருக்கும் கே வைட்டமின் இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்வது. கீரை கூடினால் மாத்திரையின் பலன் குறையும். கீரை குறைந்தால் பலன் கூடும். ஆகவே சொல்ல வேண்டியது ‘கீரை கூடாது’ என்பதன்று. ‘எப்போதும் ஒரே அளவில் இருக்கட்டும்’ என்பது. ஆனால் இருதய மருத்துவருக்குச் சுருக்கம் பிடிக்கும். இவரும் செம்பூரில் வளர்ந்த தமிழர்தான். தமிழ் பேசுவார், வாசிக்கமாட்டார்.

“‘கீரை வேண்டாம்’னு போட்டுருங்க சார். ரெண்டே வார்த்தை. யாருக்குத்தான் புரியாது?”

“புரியும். ஆனால் சரியில்லை.”

“‘ஒரே அளவு’ன்னா எந்த அளவுன்னு கேப்பாங்க. என்கிட்ட ஒரு பேஷண்டுக்கு ஆறு நிமிஷம்தான் இருக்கு.”

வாதம் நீண்டது. மருந்தாளுநர்தான் சமாதானம் செய்தார்: மருத்துவர் சொன்னபடியே ஒரு வரைவு அச்சிடுவது, நோயாளிகளிடம் கொடுத்துப் பார்ப்பது, அவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்பதைக் கேட்பது. அதன்பின் முடிவு.

இந்தச் சோதனைக்கு ஒரு முறை உண்டு. ‘புரிந்ததா?’ என்று கேட்கவே கூடாது. கேட்டால் உலகத்தில் எல்லோரும் புரிந்தது என்பார்கள். ‘இதைப் படித்தீர்களே, நாளைக்கு என்ன செய்வீர்கள்?’ என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். தவறாகச் சொன்னால் தவறு தாளினுடையது, வாசித்தவருடையதன்று.

செப்டம்பர் முதல் செவ்வாயன்று தாராவித் தம்பதி எங்கள் எதிரில் அமர்ந்தார்கள். அந்த அம்மையார் ஆயத்த ஆடைப் பட்டறையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவர். கணவர் டெம்போ ஓட்டுபவர். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு இருவருக்கும். தாளைக் கணவர்தான் எழுத்துக் கூட்டி வாசித்தார். மனைவி இடையிடையே திருத்தினார்.

“எழுத்து பெருசா இருக்கு, ஐயா. அதுக்கே கும்பிடு போடணும். போன தாளு எறும்பு ஊர்ந்த மாதிரில்லா இருந்துச்சு.”

“நீரு எறும்பைத்தான் வாசிச்சீரு” என்றார் மனைவி.

மறந்த மாத்திரை பற்றிக் கேட்டோம். சரியாகச் சொன்னார்கள். தலையில் அடிபட்டால்? “ரத்தம் வராட்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடியாரணும்.” சரி. தார் போன்ற மலம்? “இரும்புச் சத்து மாத்திரை போட்டாலும் கறுப்பாத்தானே போகும்? அப்பமும் ஓடியாரணுமா?” மருந்தாளுநரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குறித்துக்கொண்டேன்.

பிறகு கீரை. கணவர் ‘கீரை வேண்டாம்’ என்பதை வாசித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தார்.

“நாளைக்கு என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன்.

“என்ன செய்ய. நாங்க கீரையே சாப்பிடுறதில்லையே. டாக்டர் ரெண்டு தடவை கேட்டாவ, ரெண்டு தடவையும் சொல்லிட்டோம்.”

“நல்லது” என்று அடுத்த கேள்விக்குப் போகவிருந்தேன்.

மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு கணவரிடம் திரும்பினார். “அப்பம் உம்ம சூப்பு?”

“அது சூப்புல்லா. குடிக்கிறது. கீரைங்கிறது சோத்துல போட்டுத் திங்கிறது.”

“என்ன சூப்பு?” என்றார் மருந்தாளுநர்.

“முருங்கை இலை. ரெண்டு கையும் நெறைய உருவி, வேக வச்சு, அப்படியே அரைச்சு, ஒரு கரண்டி நெய் விட்டு. டெய்லி காலையில ஒரு பெரிய டம்ளர். நானே போட்டுக் குடுக்கேன்” என்றார் கணவர், தம் கைப்பக்குவத்தைச் சொல்லிக்கொள்ளும் நிறைவுடன்.

“எமன் குடிப்பானா அதை” என்றார் மனைவி.

“எப்போதிலிருந்து?”

“அந்தப் பழைய தாளு குடுத்தாவள்லா, அதுலேருந்து. இந்த மாத்திரை ரத்தத்தை நீர்க்க வைக்கும்னு போட்டிருந்துச்சு. ரத்தம் தண்ணியாப் போனா மனுசி என்னத்துக்கு ஆவா? அதான் ரத்தம் ஊறட்டும்னு. எங்கம்ம பிள்ளை பெத்தவளுக்கெல்லாம் அதைத்தான் குடுப்பா.”

நான் அந்தத் தாளின் பிழைகளை எத்தனையோ வகைப்படுத்தியிருந்தேன். இதை மட்டும் காணவில்லை. இந்த மருந்து இரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. இரத்தம் கட்டியாவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. ‘நீர்க்கச் செய்யும்’ என்பது எளிமைக்காக உலகமெங்கும் சொல்லும் ஒரு பொய். வீட்டில் ஒருவருக்கு இரத்தம் நீர்த்துவிட்டது என்றால் அன்புள்ள கணவர் செய்யக்கூடியதைத்தான் இவர் செய்திருக்கிறார். பட்டறைக்குக் கிளம்பும் மனைவியைக் காலையில் பிடித்து நிறுத்தி, அளவைக் கீழே இழுக்கும் பானத்தைக் குடிக்கவைத்திருக்கிறார். அளவு இறங்க இறங்க வால்வில் கட்டி சேரும் அபாயம் ஏறும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம்.

மருந்தாளுநர் இதைச் சுருக்கமாக எடுத்துச் சொன்னதும் கணவர் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். “அப்பம் என்னாலதான் நம்பரு இறங்கிச்சா? சரி, ஐயா. இந்தத் தாளுல போட்டிருக்கிற மாதிரி இன்னையோட நிறுத்திருதேன். ஒரு இலை வீட்டுக்குள்ள வராது.”

மருந்தாளுநர் அந்த அம்மையாரின் மருத்துவக் கோப்பினை அதற்குள் திறந்திருந்தார். “இருங்க அண்ணாச்சி. நிறுத்திராதீங்க.”

“இப்பம்தானே வேண்டாம்னு…”

“மாத்திரையை ரெண்டு தடவை கூட்டியிருக்காங்க. உங்க சூப்புக்கு எதிரா கூட்டினது அது. இப்ப சூப்பை மட்டும் டக்குனு நிறுத்தினா, கூட்டின மாத்திரை அப்படியே நிக்கும். நம்பர் மேல ஓடிடும். அப்புறம் ரத்தம் கசிய ஆரம்பிக்கும்.”

அந்த அம்மையார் நிதானமாக, “அப்பம் நான் அதைக் குடிச்சாகணும்” என்றார்.

மருந்தாளுநர் அவர்களை அழைத்துக்கொண்டு நேரே மருத்துவரின் அறைக்குள் போனார். ஆறு நிமிடத்துக்கு மேலேயே ஆயிற்று. வெளியில் வந்தபோது தீர்மானம் இது: சூப்பு தொடரும், ஆனால் அளந்து; தினமும் அதே கைப்பிடி, அதே டம்ளர். மாத்திரையில் ஒரு சிறு ஏற்றம். அடுத்த செவ்வாய் மீண்டும் இரத்தம் பார்ப்பது. அளவு நிலைத்தபின், மருத்துவர் சொல்லும்போது சூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கூடவே மாத்திரையையும் குறைப்பது. இடையில் மூச்சுத் திணறினாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சுக் குழறினாலோ ஒரு நிமிடமும் காத்திராமல் வந்துவிட வேண்டும்.

மருத்துவர் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “ரெண்டு வார்த்தை போதாது சார். நீங்க எத்தனை வேணாலும் எழுதுங்க.”

அன்று பிற்பகல் மூன்று வரிகள் எழுதினோம். முதல் வரி: ‘இந்த மாத்திரை இரத்தம் கட்டியாகாமல் பார்த்துக்கொள்கிறது, இரத்தத்தைத் தண்ணீராக்காது, குறைக்காது.’ இரண்டாவது: ‘கீரை சாப்பிடலாம், ஆனால் வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு. பொரியல், கூட்டு, சூப், சாறு, பொடி எல்லாமே கீரைதான்.’ மூன்றாவது: ‘கீரையை நிறுத்துவதற்கு முன்போ, கூட்டுவதற்கு முன்போ எங்களிடம் சொல்லுங்கள். விரதம், மாலை போடுவது, ஊருக்குப் போவது எல்லாவற்றுக்கும் முன்பு சொல்லுங்கள்.’ வரி என்று கௌரவத்துக்குச் சொல்கிறேன். அச்சில் எட்டு வரி வந்தது. ‘மாலை போடுவது’ மருந்தாளுநரின் சேர்க்கை. கார்த்திகையில் மாலை போடுகிறவர்களின் சாப்பாடு ஒரே நாளில் தலைகீழாக மாறுவதை அவர் ஆண்டுதோறும் சன்னல் வழியாகப் பார்க்கிறார்.

மருத்துவருக்குத் தமிழ் வாசிக்க வராதென்பதால் ஒரு விதி இருந்தது. எங்கள் வரைவைப் பார்த்திராத ஒருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும். அதை மருத்துவர் பார்ப்பார். விக்ரோலியில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஓர் அம்மையார் செய்துகொடுத்தார். மருத்துவர் வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பொடின்னா என்ன பொடி?” முருங்கை இலைப் பொடி என்றோம், இப்போது பாக்கெட்டில் விற்கிறார்கள். “எங்க வீட்ல அம்மா தோசைல போடுறாங்க” என்றார், சற்றே கலவரத்துடன். கையெழுத்திட்டார்.

ஒப்புதல் படிவத்தில் இன்னொரு கட்டமும் இருந்தது: ‘நோயாளி அல்லது குடும்பத்தினர்.’ அதில் யார் கையெழுத்திடுவது என்று கேட்டேன்.

“நீங்கதான் சார்” என்றார் மருந்தாளுநர்.

“நான் இப்போது…” என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்கும் வழி தெரியாமல் நிறுத்திக்கொண்டேன். எளிய சொற்கள் எல்லாம் கைவசம் இருந்தன. அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு பேனாவை நீட்டினார். கையெழுத்திட்டேன்.

அடுத்த செவ்வாய் தம்பதி வந்தார்கள். நானும் கூடத்தில் இருந்தேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. அளவு 2.7. கணவர் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார், வெளியே எடுத்து இன்னொரு முறை பார்த்தார், மறுபடி வைத்தார்.

“வீட்டுல தராசு வாங்கிட்டாவ, ஐயா” என்றார் மனைவி. “இலையை நிறுத்துப் போடுதாவ. நகைக்கடைக்காரன் தோத்தான்.”

“சொன்னபடி செய்யணும்லா.”

“சொன்னதைச் செஞ்சீரு. நல்லா இருக்கணும்னு யாரும் சொல்லலையே, அதான் உப்புப் போடல.”

அச்சான புதிய தாளை அவர் கையில் கொடுத்து, வழக்கமான கேள்வியைக் கேட்டோம். இம்முறை அவரே வாசித்தார், நிறுத்தி நிறுத்தி. இரத்தம் தண்ணீராகாது என்ற இடத்தில் கணவரை ஒரு பார்வை பார்த்தார். கீரை, சூப், பொடி மூன்றையும் சரியாகச் சொன்னார். ஊருக்குப் போகும் முன்பு சொல்லவேண்டும் என்பதையும் சொன்னார், உடனே, “தீபாவளி கழிச்சு ஊருக்குப் போகணும், ஒரு மாசம் இருப்போம். இப்பமே சொல்லிட்டேன். அங்க ரத்தம் எங்க பாக்க? நம்பரை யாருகிட்டச் சொல்ல?” என்று கேட்டார்.

மருந்தாளுநர் தாளைத் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பக்கத்திலும் அதற்கு விடையில்லை. அடுத்த வாரத்துக்குள் சொல்கிறோம் என்றோம். அவர் அதை நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இருவரும் பேருந்துக்குக் கிளம்பினார்கள்.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

தாராவி அம்மையாரின் ஊருக்கு அருகில் இந்தப் பரிசோதனை செய்யும் இடத்தை விசாரித்து, அவர் கிளம்புவதற்குமுன் எழுதித் தருவது.

‘வெளியூரில் இருக்கும்போது’ என்றொரு பகுதியைச் சேர்ப்பது. எந்த எண்ணுக்கு அழைப்பது என்று மருத்துவமனையிடம் முடிவு பெறுவது.

இரும்புச் சத்து மாத்திரை, கறுப்பு மலம்: ‘எதுவானாலும் அழையுங்கள், அந்த மாத்திரை போடுவதையும் சொல்லுங்கள்’ என்பது போதுமா என்று மருத்துவரைக் கேட்பது.

கருத்தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசவேண்டும் என்ற எச்சரிக்கை. இன்னும் எங்களுக்கு எளிய வாக்கியம் அமையவில்லை.

மனைவியின் மிச்ச மாத்திரைகளை மருந்தகத்தில் ஒப்படைப்பது.

ஹிந்தித் தாள்.